அளந்து காட்டுங்கள்

(கோவையில் பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடியோ ரெஸ்யூமுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். கூட்டம் தொடங்கும் முன் உங்களில் சிலர் எழுதிக்கொண்டு வந்த தாள்களை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்துதான் வேறு வேறு. விஷயம் ஒன்றுதான். பெயர், ஊர், அப்பா பெயர், படிப்பு, மதிப்பெண். அதற்குப் பிறகு ‘நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யத் தெரியும், சீக்கிரம் கற்றுக்கொள்வேன்.’ கடைசியில் ‘ஒரு வாய்ப்புக் கொடுத்தால் என் திறமையை நிரூபிப்பேன்.’ இந்தத் தாள்களை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். நிரூபிக்கத்தானே வீடியோ எடுக்கிறீர்கள்? எடுத்துவிட்டு, நிரூபிப்பதை மட்டும் அடுத்த தேதிக்குத் தள்ளிவைத்தால் எப்படி?

நான் பல வருடம் மெஷின் ஷாப்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். புதிதாக ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ‘கடின உழைப்பாளி’ என்று யார் சொன்னாலும் எங்கள் பேனா நகராது. அது பொய் என்று நினைப்பதால் அல்ல. அதைச் சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை, அவ்வளவுதான். சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயத்தைக் கண்ணெதிரே செய்து காட்டினால் பேனா தானாக நகரும். காகித ரெஸ்யூமில் அதைக் காட்ட முடியாது. வீடியோவில் முடியும். என்னைக் கேட்டால், வீடியோ ரெஸ்யூமுக்கு இருக்கும் நியாயமே அது ஒன்றுதான். அதைச் செய்யாத வீடியோ, முகத்தோடு கூடிய ரெஸ்யூம். அதற்குக் காகிதமே மேல்.

உலகத்தில் மிகவும் பேர்போன வீடியோ ரெஸ்யூம் எது தெரியுமா? 2006இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் யுபிஎஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கிக்கு வேலை கேட்டு அனுப்பியது. முடியாதது எதுவுமில்லை என்று அதற்குத் தலைப்பு. வெற்றியைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போவார். நடுநடுவே எடை தூக்குவார், பனிச்சறுக்கு விளையாடுவார், டென்னிஸ் பந்தை விளாசுவார், ஜோடி நடனம் ஆடுவார், கையால் செங்கல்லை உடைப்பார். அந்த வீடியோ எப்படியோ வெளியே கசிந்து, இணையம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. அவர் அலட்டிக்கொண்டதால்தான் சிரித்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. வங்கி வேலைக்கு விண்ணப்பித்தவர், ஒரு கணக்கைக்கூடப் போட்டுக் காட்டவில்லை. ஒரு கம்பெனியின் ஐந்தொகையை எடுத்து வைத்து இதை வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்லியிருந்தால், அவர் அலட்டலைக்கூட மன்னித்திருப்பார்கள். திறமை காட்டினார்தான். கேட்ட திறமையைக் காட்டவில்லை.

  நம் ஊருக்கு வருவோம்.

ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம் என்று நினைக்கிறேன். ஒரு மாணவி. டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் ஆறு மாதம் அப்ரெண்டிஸாக இருந்திருக்கிறார். பம்பு, மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். அவர் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் நான் முதலில் சொன்ன மாதிரிதான் இருந்தது. அறிமுகத்துக்கே ஐம்பது விநாடி. ‘மைக்ரோமீட்டர், வெர்னியர் காலிப்பர், போர் கேஜ் எல்லாம் பயன்படுத்தத் தெரியும்’ என்று நடுவில் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியது. அதைப் பிரித்து விரிப்பதுதான் வேலை, மற்றதையெல்லாம் சுருக்கிவிடலாம் என்றேன்.

எழுதும் வரிசை, பேசும் வரிசைக்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ‘வணக்கம், என் பெயர்’ என்று முதலில் எழுத உட்காராதீர்கள். நடுவில் வரும் நிரூபணத்தை முதலில் முடிவு செய்யுங்கள். என்ன செய்து காட்டப் போகிறோம் என்று தெரிந்தால்தான், அதற்கு எந்த அறிமுகம் பொருந்தும், எந்த முடிவு பொருந்தும் என்று தெரியும்.

அவர் வேலை விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். ‘ஷாஃப்ட் இன்ஸ்பெக்‌ஷன், டிராயிங் ரீடிங் தெரிந்திருக்க வேண்டும்’ என்று இருந்தது. அப்படியானால் ஒரு ஷாஃப்ட், ஒரு டிராயிங், ஒரு அளவு. 20 மில்லிமீட்டர் விட்டம், h7 டாலரன்ஸ். இது மெட்ராலஜி பாடத்தில் நீங்கள் படித்ததுதான். 20 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு h7 என்றால் மேல் எல்லை 20.000, கீழ் எல்லை 19.979. நடுவில் இருக்கும் இடைவெளி 21 மைக்ரான். தலைமுடியின் தடிமன் சாதாரணமாக இதைவிடச் சில மடங்கு இருக்கும்.

கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்துக் கடைந்த துண்டு ஒன்று இருந்தது. அதை அளந்து காட்டலாம் என்று முடிவானது. அவர் முதலில் ‘சரியாக வந்த பீஸாகப் பார்த்து எடுக்கட்டுமா சார்’ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்ஸ்பெக்டர் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்? நல்ல பீஸை நல்லது என்று சொல்ல மெஷின் ஆபரேட்டரே போதும். கெட்டதைக் கண்டுபிடிக்கத்தான் இன்ஸ்பெக்டர். ஆகவே கொஞ்சம் கோளாறு உள்ள பீஸ்தான் நமக்கு நல்லது.

அவர் டிஜிட்டல் மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில் அளந்தார். ஹெட்ஸ்டாக் பக்கம் 19.992. நடுவில் 19.988. டெயில்ஸ்டாக் பக்கம் 19.974. முதல் இரண்டும் எல்லைக்குள். மூன்றாவது, கீழ் எல்லைக்கு 5 மைக்ரான் கீழே. பீஸ் ரிஜெக்ட்.

இந்த மூன்று எண்ணுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது பாருங்கள். நம் பையன்கள் எல்லோர் கையிலும் இருக்கும் 0.02 வெர்னியர் காலிப்பரை இதே பீஸில் வையுங்கள். 19.992 என்ற இடம் 20.00 என்று காட்டும். மற்ற இரண்டு இடமும் 19.98 என்று காட்டும். 19.98 என்றால் எல்லைக்குள் இருக்கிறதே, பாஸ் என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவோம். அளக்கும் கருவியின் படியே 20 மைக்ரான், அளக்க வேண்டிய டாலரன்ஸ் 21 மைக்ரான் என்றால், அளந்தும் அளக்காதது போலத்தான். எந்த அளவுக்கு எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்கத் தெரிவதுதான் இன்ஸ்பெக்டரின் முதல் அறிவு. மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும் என்று சொல்பவர்கள் ஆயிரம் பேர். காலிப்பரைக் கீழே வைத்துவிட்டு ஏன் மைக்ரோமீட்டரை எடுத்தேன் என்று சொல்பவர் அபூர்வம்.

அடுத்தது, விட்டம் ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டே போகிறது. அதாவது டேப்பர். இரண்டு சென்டருக்கு நடுவில் கடையும்போது டெயில்ஸ்டாக் பக்கம் மெலிந்திருந்தால், டெயில்ஸ்டாக் ஆபரேட்டர் நிற்கும் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பீஸின் அந்த முனை டூலை நோக்கி வந்துவிடுவதால், அங்கே கூடுதலாகத் தின்றுவிடும். இதைச் சொன்னால், குறையை மட்டுமல்ல, அதன் வேரையும் இந்தப் பெண் பார்க்கிறார் என்று புரிந்துவிடும்.

மூன்றாவது, ரீவொர்க்கா, ரிஜெக்டா? ஷாஃப்ட் அளவு கூடியிருந்தால் இன்னும் கொஞ்சம் கடைந்து சரிசெய்யலாம், அது ரீவொர்க். குறைந்துவிட்டால் போன இரும்பு திரும்ப வராது. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் ‘சரியில்லை’ என்று ஒரே கூடையில் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர்களுக்கு அவர்களால் வரும் தலைவலி கொஞ்சமல்ல.

இவ்வளவையும் நாற்பத்தைந்து விநாடியில் சொல்ல வேண்டும். முடியும். அவர் கடைசியாக எழுதிய ஸ்கிரிப்டை வாசிக்கிறேன். பெயர், நிறுவனம் வரும் இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன்.

“வணக்கம். என் பெயர் ……. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஒரு மெஷின் ஷாப்பில் ஆறு மாதம் அப்ரெண்டிஸாக ஷாஃப்ட் அளந்திருக்கிறேன். உங்கள் …… பிரிவில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். விளம்பரத்தில் ஷாஃப்ட் இன்ஸ்பெக்‌ஷன் என்று இருந்தது. அதையே இப்போது செய்து காட்டுகிறேன்.

இது கல்லூரி லேத்தில் நான் கடைந்த ஷாஃப்ட். டிராயிங்கில் 20 h7. அதாவது 19.979இலிருந்து 20.000 வரை. டாலரன்ஸ் 21 மைக்ரான்தான், அதனால் காலிப்பர் போதாது, மைக்ரோமீட்டர் எடுக்கிறேன். முகங்களைத் துடைத்து மூடுகிறேன், சைபர் சரியாக இருக்கிறது. இந்தப் பக்கம் 19.992. நடுவில் 19.988. டெயில்ஸ்டாக் பக்கம் 19.974. கீழ் எல்லையைவிட 5 மைக்ரான் குறைவு. அளவு குறைந்திருப்பதால் ரீவொர்க் செய்ய முடியாது, ரிஜெக்ட். ஒரு பக்கமாக மெலிகிறது, எனவே அடுத்த பீஸ் ஓட்டுவதற்கு முன் டெயில்ஸ்டாக் அலைன்மென்ட்டைப் பார்க்கச் சொல்வேன்.

சிஎம்எம் மெஷினைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், தனியாக இயக்கியதில்லை.

நேர்முகத்தில் உங்கள் டிராயிங்கையும் உங்கள் பீஸையும் கொடுங்கள். அளந்து, ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஜூன் முதல் வாரத்தில் சேர முடியும். நன்றி.”

அவ்வளவுதான். கருவியை எடுக்க, துடைக்க, திருக ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை நிமிடத்தைக் கொஞ்சம் தொட்டு நிற்கும். உங்கள் ஸ்கிரிப்டைப் பேசிப் பார்த்து போனில் நேரம் வையுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்பது நிதானமான வேகம். அதற்கு மேல் போனால் ஒப்பிப்பது போல் ஆகிவிடும். வேகமாகப் பேசி உள்ளே திணிக்க வேண்டாம், சொல்லைக் குறையுங்கள்.

இதில் இல்லாதவற்றையும் பார்த்தீர்களா? அப்பா பெயர் இல்லை. சொந்த ஊர் இல்லை. வயது இல்லை, திருமணம் ஆகிவிட்டதா என்பது இல்லை. வீடியோ என்பதால் ஏற்கெனவே முகமும் நிறமும் பேச்சு வழக்கும் வெளியே தெரிந்துவிடுகின்றன. அதை வைத்து ஒருவரை ஒதுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த ஆபத்துக்காகவே வீடியோ ரெஸ்யூமைத் திறக்கவே மறுக்கும் மனிதவள அதிகாரிகள் உண்டு. பின்னால் யாராவது பாரபட்சம் என்று கேட்டுவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு. நாமாக ஊரையும் குடும்பத்தையும் வேறு அடுக்கிக்கொடுத்து அந்தக் கதவை அகலத் திறக்க வேண்டாம். ஆதார் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எதுவும் வீடியோவில் வேண்டாம், அது பாதுகாப்புக்காகவும்.

‘சிஎம்எம் தனியாக இயக்கியதில்லை’ என்ற வரியைப் பார்த்து அவருடைய அண்ணன் சண்டைக்கு வந்தார். ‘தெரியாததை எதற்கு நாமே சொல்ல வேண்டும், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். எனக்கு அந்த வரி வேண்டும். இன்ஸ்பெக்டர் வேலையின் அடிப்படையே, இருப்பதை இருப்பதாக எழுதுவது. தன்னைப் பற்றியே உள்ளபடி சொல்கிறவர் பீஸைப் பற்றியும் உள்ளபடி எழுதுவார் என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு இந்த வரியை வைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். வேலைக்கு ஏற்ற மாதிரிதான் எல்லாம்.

இப்போது முடிவு வரி. எல்லோருக்கும் இதில்தான் சந்தேகம். தன்னம்பிக்கையோடு முடிக்க வேண்டும் என்று ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு, ‘நான் உங்கள் நிறுவனத்துக்குப் பெரிய சொத்தாக இருப்பேன்’ என்று சொல்கிறார்கள். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்துகிறார்கள், சிலர் கையைக்கூட உயர்த்துகிறார்கள். குரலில் இல்லை நம்பிக்கை. ‘உங்கள் பீஸைக் கொடுங்கள், அளந்து தருகிறேன்’ என்பதில் இருக்கிறது, ஏனென்றால் அது பந்தயம். தோற்றால் அங்கேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றைச் சாதாரணக் குரலில், தினமும் சொல்வது போலச் சொன்னால் போதும். கூடவே பார்க்கிறவருக்கு அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடுகிறது. நேர்முகத்துக்குக் கூப்பிடலாம், மேசையில் ஒரு ஷாஃப்டை வைக்கலாம், ஜூனில் ஆள் வரும். ஒன்று மட்டும் எச்சரிக்கை. செய்ய முடியாததைக் கடைசி வரியில் வாக்குக் கொடுக்காதீர்கள். நிச்சயம் மேசையில் வைத்துவிடுவார்கள்.

படம் பிடிப்பதில் ஒரு விஷயம்தான் நான் கறாராகச் சொல்வேன். நிரூபணப் பகுதி முழுவதும் வெட்டில்லாத ஒரே ஷாட்டாக இருக்க வேண்டும். முகமும் கையும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். பிறகு போனைப் பிடித்திருக்கும் நண்பர் மெதுவாக அருகே வந்து மைக்ரோமீட்டரின் எண்ணைக் காட்ட வேண்டும். நடுவில் வெட்டி, தனியாக எடுத்த எண்ணை ஒட்டினால், துறையில் இருப்பவனுக்கு உடனே உறுத்தும். கை வேறு, முகம் வேறோ என்று நினைப்பான். நீங்கள் செய்ததே பொய்யாகிவிடும்.

இந்த மாணவிக்கு அதில்தான் பாடுபட வேண்டியிருந்தது. முதல் எடுப்பில் எண் தெரியவில்லை. டிஸ்ப்ளே கண்ணாடியில் டியூப்லைட் பளிச்சென்று விழுந்திருந்தது. போனும் அருகே வந்ததும் ஃபோகஸைத் தேடித் தேடி மங்கியது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் மேசையைத் திருப்பினோம், வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வந்தது. எண் தெரியும் தூரத்தில் போனை வைத்துத் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டினோம். அதனால் முகம் இருக்கும் தொடக்கத்தில் கொஞ்சம் மென்மையாகத் தெரிந்தது. பரவாயில்லை. இந்த வேலைக்கு முகத்தைவிட எண் முக்கியம்.

அடுத்த எடுப்பில் வேறு கோளாறு. எண்கள் முன்பு அளந்ததோடு ஒத்துப்போகாமல் ஒன்றிரண்டு மைக்ரான் கூடியே வந்தன. பேசிக்கொண்டே ஷாஃப்டை நெடுநேரம் கையில் பிடித்திருந்தார். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட், உள்ளங்கைச் சூட்டில் ஐந்து டிகிரி ஏறினால், ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே விரியும். சின்னது என்று தோன்றலாம். திரையில் தெரியும் எண்ணும் வாயால் சொல்லும் எண்ணும் ஒன்றாக இல்லை என்றால் கதை முடிந்தது. ஷாஃப்டை வி-பிளாக்கில் உட்காரவைத்தோம். மைக்ரோமீட்டரை மட்டும் கையில் பிடித்தார். ராட்செட்டைத் திருகி, அது கிளிக் கிளிக் என்று வழுக்கும் சத்தம் வரும்வரை விட்டு, பிறகு எண்ணைப் படித்தார். அந்தச் சத்தமும் வீடியோவில் பதிவானது. பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும், பெண்ணுக்கு வேலை தெரியும் என்று.

ஒப்பித்த எண்ணைச் சொல்லாமல் திரையில் வருவதைப் படியுங்கள் என்றும் சொன்னேன். ஸ்கிரிப்டில் 19.988 என்று எழுதியிருந்தாலும் திரை 19.987 காட்டினால் 19.987 என்றே சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் மனப்பாடமாக இருக்கலாம், அளவு மனப்பாடமாக இருக்கக் கூடாது.

எந்தப் பீஸை அளப்பது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அப்ரெண்டிஸாக இருக்கும் கம்பெனியின் பீஸ், டிராயிங், மெஷின் எதையும் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். டிராயிங் வாடிக்கையாளருடையதாக இருக்கும், ரகசியம் காப்பதாகக் கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கும். அதை வீடியோவில் பார்க்கிற புதிய முதலாளி என்ன நினைப்பார்? நாளை நம் டிராயிங்கையும் இப்படித்தான் வெளியே விடுவான் என்று. பின்னணியில் சுவரில் ஒட்டியிருக்கும் புரொடக்‌ஷன் சார்ட்டைக்கூடப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி லேத், நீங்களே வரைந்த டிராயிங், அதுதான் பத்திரம்.

அனுப்புவதில் ஒரு சின்ன விஷயம். வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால் அது சுருங்கிப்போய், மைக்ரோமீட்டர் எண் எட்டா மூன்றா என்று தெரியாது. இவ்வளவு பாடுபட்டது அந்த எண்ணுக்காகத்தான். யூடியூபில் `Unlisted` என்று ஏற்றி அதன் லிங்கைக் கொடுங்கள். கூகுள் டிரைவில் வைத்தால் `Anyone with the link` என்று மாற்ற மறக்காதீர்கள். மாற்றாமல் அனுப்பினால் திறப்பவருக்கு அனுமதி கேட்கச் சொல்லித்தான் திரை வரும். உங்களிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க அவருக்கு என்ன தலையெழுத்தா, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். வேறொரு போனில், உங்கள் கணக்கு இல்லாமல் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். காகித ரெஸ்யூமில் பெயருக்குக் கீழேயே ‘20 h7 ஷாஃப்ட் அளக்கும் வீடியோ, ஒன்றரை நிமிடம்’ என்று எழுதி லிங்கை வையுங்கள். வெறுமனே ‘வீடியோ ரெஸ்யூம்’ என்று எழுதினால் எதற்குத் திறக்க வேண்டும் என்று தெரியாது. பெரிய கம்பெனிகளின் இணையதளங்கள் பல பிடிஎஃப் மட்டும்தான் வாங்கும், அங்கேயும் இந்த வரி பிடிஎஃபுக்குள் ஏறிக்கொண்டு போய்விடும்.

மொழி பற்றிக் கேட்டார்கள். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ, வேலையில் யாரோடு பேசப் போகிறீர்களோ, அந்த மொழி. ஷாப் ஃப்ளோரில் ஆபரேட்டரோடு பேசும் வேலைக்குத் தமிழில் பேசினால் குறைச்சல் எதுவும் இல்லை.

உங்களோடு வந்திருக்கும் ஒருவரிடமிருந்து ஒரு கேள்விச் சீட்டு வந்திருக்கிறது. ‘நான் பி.காம். என்னிடம் மெஷினும் இல்லை, மைக்ரோமீட்டரும் இல்லை. எதை அளந்து காட்டுவது?’ நல்ல கேள்வி, இதற்குப் பதில் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘டேலி தெரியும், ஜிஎஸ்டி தெரியும்’ என்று சொல்வதற்குப் பதில், நீங்களே கற்பனையாக ஒரு கடை, ஐந்து கொள்முதல் பில் தயார் செய்யுங்கள். யாருடைய உண்மைக் கணக்கையும் தொடாதீர்கள். அந்த மாதத்து GSTR-2B போல ஒரு பட்டியலையும் தயார் செய்து, அதில் ஒரு பில்லை விட்டுவிடுங்கள், இன்னொன்றில் வரித் தொகையை மாற்றிவையுங்கள். திரையைப் பதிவு செய்துகொண்டே இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். ‘இந்த பில் நம் புத்தகத்தில் இருக்கிறது, 2Bயில் இல்லை. விற்றவர் தன் GSTR-1இல் இதை ஏற்றவில்லை போல. அவர் ஏற்றும்வரை இதற்கான வரி வரவை இந்த மாதம் எடுக்க மாட்டேன், அவருக்கு இன்றே போன் செய்வேன். இந்த பில்லில் தொகை மாறியிருக்கிறது, அசல் பில்லை எடுத்து யார் பக்கம் தவறு என்று பார்ப்பேன்.’ ஒரு நிமிடம்கூட ஆகாது. முடிவு வரியில் ‘உங்கள் போன மாதத்து கொள்முதல் பதிவேட்டைக் கொடுங்கள், நேர்முகத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுத் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். போன மாதத்துப் பதிவேட்டை வெளி ஆளிடம் காட்ட அவர்கள் தயங்கினால், பழைய மாதம் ஏதாவது கொடுப்பார்கள். எதைக் கொடுத்தாலும் உட்கார்ந்து ஒப்பிடத் தயாராகப் போங்கள்.